தரைக் கொங்கிரீட்டுக்குக் கம்பி வலை 3 போதுமா, 4 வேணுமா?

களுவாஞ்சிக்குடியில் வீட்டோடு 6.9 × 4.5 மீட்டர் அறை கட்டுகிறேன், மண் இடித்து இறுக்கியாச்சு, மேலே பொலித்தீன், அப்புறம் 100 மில்லிமீட்டர் கொங்கிரீட். வலை ஒன்று 4.8 × 2.4 மீட்டர். கடைக்காரர் 4 என்கிறார். ஓரங்களில் 50 மில்லிமீட்டர் விட்டால், ஒன்றை இரண்டாக வெட்டி, வரிசைக்கு ஒன்றரை வைத்து, ஒன்றின் மேல் ஒன்று 400 மில்லிமீட்டர் மேலேற்றினாலும் 3 சரியாக வருகிறது. ஆனால் மேசன் இரண்டு வரிசையின் அரைத்துண்டையும் ஒரே பக்கம் வைக்கப் பார்க்கிறார், நடுவில் நாலு வலை குவிந்து மேல்மூடல் குறையாதா? எதிரெதிராக வைத்தால் சரியா? பொலித்தீனுக்கும் 300 மேலேற்றல் போதுமா? மேலே 40 மில்லிமீட்டர் பூச்சுக்கு 1:3 கலவையில் 12 மூட்டை சீமெந்து, அரைக் கியூப் மணல் என்று கணக்கு வருகிறது. செய்தவர்கள் சொல்லுங்கோ.