சாய ஆலை இயந்திரத்தின் தொடுதிரையை மாற்றி அமைக்க உதவி தேவை

வணக்கம். திருப்பூரில் ஒரு சாய ஆலையின் இயந்திரத்துக்கு 7 அங்குலத் தொடுதிரையை மாற்றி வடிவமைக்கிறேன். ஆபரேட்டர்களுக்கு 12 மணி நேர ஷிப்ட். பயிற்சியோ இரண்டே நாள்.

சென்ற மாதம் ஓர் இரவில் நீராவி வால்வு திறக்காமல் சிக்கிக்கொண்டது. 60 டிகிரிக்கு ஏற வேண்டிய சாயத் தொட்டி 52-லேயே நின்றது. ஒரு மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. குறை அவர்களுடையது அல்ல, திரையினுடையது. மூடிய வால்வுக்கும் சிவப்பு, அலாரத்துக்கும் சிவப்பு. எப்போதும் சிவந்திருக்கும் திரையில் புதிய சிவப்பு எப்படிக் கண்ணில் படும்? எட்ட வேண்டும் என்று வைத்த வெப்ப அளவும் திரையின் வேறு பக்கத்தில் இருந்தது.

இப்போது பின்னணியை வெளிர்சாம்பல் ஆக்கிவிட்டேன். ஓடும் பம்புக்கு நிரப்பிய வட்டம், நின்றதற்கு வெற்று வட்டம். சிவப்பும் மஞ்சளும் அலாரத்துக்கு மட்டுமே. இருக்கும் வெப்பமும் வைத்த வெப்பமும் அருகருகே, கீழே கடைசி 30 நிமிட வெப்பத்தைக் காட்டும் கோடு. கோடு படுத்துவிட்டால் எண்ணைப் படிக்காமலே தெரிகிறது.

சிக்கல் அலாரச் செய்தியில். "வெப்பம் ஏறவில்லை, நீராவி வால்வைப் பாருங்கள்" என்று எழுதினால், திரையின் எழுத்துரு கொம்பையும் காலையும் பிரித்துப் போடுகிறது. இந்தி, ஒடியா பேசுவோருக்கும் இதே செய்தி வேண்டும். அலார எண்ணுக்கு ஏற்ப, படமாக்கிய வாசகத்தைக் காட்டலாமா என்று யோசிக்கிறேன். மூன்று மொழி, 40 அலாரம் என்றால் 120 படம். திரை மந்தமாகுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரக் கைக்குப் பொத்தான் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறேன். இப்போது 15 மில்லிமீட்டர் வைத்திருக்கிறேன். பக்கத்துப் பொத்தான் இன்னமும் அமுங்குகிறது.