நாலு பம்பு தாமதம், 24 பம்புக்கும் எல்டி: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

பீளமேடு பம்ப்ஸ்

பழைய கதைதான், ஆனால் மனசு ஆறவில்லை. வடக்கே ஒரு பவர் பிளாண்ட் வேலை எடுத்திருக்கும் ஈபிசி கம்பெனி எங்களுக்கு 24 பம்புக்கு பிஓ, அதாவது கொள்முதல் ஆர்டர், கொடுத்தது. ஒன்று 1.5 லட்சம், மொத்தம் 36 லட்சம், ஜிஎஸ்டி தனி. மார்ச் 31-க்குள் சைட்டில் சேர வேண்டும். இருபது பம்பு அதற்கு முன்பே போய்விட்டது. மீதி நாலும் ஏப்ரல் 23-ல்தான் சேர்ந்தது.

பேமெண்ட் அட்வைஸ் வந்த அன்று டீ குடித்துக்கொண்டே மொபைலில் திறந்தேன். ஒரே வரி: எல்டி, அதாவது தாமதத்துக்குப் பிடித்த நஷ்டஈடு, 84,960 ரூபாய். கணக்குப் பிரித்துப் பார்த்தால், 36 லட்சத்துக்கு வாரம் 0.5 சதவீதம், நாலு வாரம், ஆக 72,000. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 12,960. பிஓ-வில் இருப்பதோ "தாமதமான சரக்கின் மதிப்பில்", "வாரம் அல்லது அதன் பகுதி"க்கு 0.5 சதவீதம் என்று. அப்படிப் பார்த்தால் நாலு பம்பின் 6 லட்சத்துக்கு 2 சதவீதம், வெறும் 12,000.

அவர்கள் அக்கவுண்ட்ஸ் பையனைக் கூப்பிட்டேன். "சிஸ்டம் போட்டது சார், நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றான். அந்தக் குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொன்று. நாலு பம்பும் ரெடி, வாங்க என்று மார்ச் 12-ல் இன்ஸ்பெக்‌ஷன் கால் கொடுத்தோம். அவர்கள் அனுப்பிய இன்ஸ்பெக்டர் வந்தது 28-ல். அந்த 16 நாளைக் கழித்தால் என் தாமதம் ஏழே நாள், ஒரு வாரம், 3,000 ரூபாய். நான் சொல்வது சரியா?

சிட்கோ குமார்

அண்ணா, 3,000 கூடத் தர வேண்டியதில்லை. காண்ட்ராக்ட் சட்டம் 74-ஆவது பிரிவைப் பாருங்கள். நஷ்டம் என்று ஒன்று இருந்தால்தான் எல்டி. நாலு பம்பு லேட்டாகப் போனதால் அவர்கள் பிளாண்ட் நின்றதா? அங்கே பவுண்டேஷனே போட்டிருக்க மாட்டார்கள். நிரூபிக்கச் சொல்லி ஒரு லீகல் நோட்டீஸ் விடுங்கள்.

எனக்கும் ஒரு தடவை கேபிள் டிரேக்குப் பிடித்தார்கள். போய்ப் பார்த்தால் என் டிரே கட்டுக் கட்டாக அப்படியே கிடக்கிறது, மேலே ஆடு படுத்திருக்கிறது! அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பாதிப் பணம் திரும்ப வந்தது.

ஓய்வுபெற்ற பர்சேஸ்காரர்

குமார் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை நம்பி நோட்டீஸ் விட்டால் வக்கீல் பீஸ்தான் மிஞ்சும்.

2003-ல் ஓஎன்ஜிசி - சா பைப்ஸ் வழக்கில் நடந்தது கிட்டத்தட்ட இதே கதை. ஐரோப்பாவில் உருக்காலைத் தொழிலாளர்கள் ஸ்டிரைக், அதனால் கேசிங் பைப் தாமதமானது. சப்ளையர் நாள் நீட்டிக்கக் கேட்டார். நீட்டிப்பு கிடைத்தது, ஆனால் எல்டி பிடிப்போம் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தது. ஆர்பிட்ரேட்டர்கள் நஷ்டத்தை நிரூபிக்கவில்லை என்று சப்ளையர் பக்கம் நின்றார்கள். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நஷ்டத்தைக் கணக்கிடுவது கஷ்டமான வேலைகளில், இரண்டு பேரும் முன்கூட்டியே நியாயமாக மதிப்பிட்டு எழுதிய தொகையைப் பிடிக்கலாம் என்றது. 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில் அதே நீதிமன்றம், நஷ்டமே இல்லாத இடத்தில் 74 உதவாது என்றும் சொன்னது. இரண்டு பக்க வக்கீலும் ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 12,000 ரூபாய்க்கு அந்தச் சண்டை தேவையா?

பீளமேடு தம்பி, உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பிஓ-வில் "தாமதமான சரக்கின் மதிப்பில்" என்றே எழுதியிருந்தால் 72,000-க்கு இடமே இல்லை. சட்டம் பேசவே வேண்டாம். அந்த ஷரத்தையும் இருபது பம்பும் வந்து சேர்ந்ததற்கு அவர்கள் போட்ட ஜிஆர்என் ரசீதுகளின் தேதிகளையும் ஒரே பக்கத்தில் போட்டு, அக்கவுண்ட்ஸுக்கு அல்ல, பிஓ-வில் கையெழுத்துப் போட்டவருக்கு அனுப்புங்கள். அக்கவுண்ட்ஸ் பையன் உண்மையைத்தான் சொன்னான். சிஸ்டத்தில் பிஓ போடும்போது எல்டியை எந்த மதிப்பில் கணக்குப் போட வேண்டும் என்று ஒருவர் தேர்ந்தெடுத்திருப்பார். அதை மாற்ற அவனுக்கு அதிகாரம் கிடையாது.

இன்ஸ்பெக்‌ஷன் கணக்கில் மட்டும் கொஞ்சம் அவசரப்படுகிறீர்கள். கால் கொடுத்த மறுநாளே யாரும் வர மாட்டார்கள். இத்தனை நாள் நோட்டீஸ் என்று பிஓ-வில் இருக்கும், பாருங்கள்.

பீளமேடு பம்ப்ஸ்

பார்த்தேன் சார். ஏழு நாள் என்று போட்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற பர்சேஸ்காரர்

அப்படியானால் 16-ல் ஏழு போக, ஒன்பது நாள்தான் அவர்கள் தலையில். 23-ல் ஒன்பது கழித்தால் 14. சரியாக இரண்டு வாரம், 6,000 ரூபாய். ஒரு நாள் கூடி 15 ஆகியிருந்தால் மூன்று வாரம். "வாரம் அல்லது அதன் பகுதி" என்பது அப்படித்தான் வேலை செய்யும்.

ஆனால் 28-ல் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தும் ஏப்ரல் 23 வரை என்ன நடந்தது? அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பீளமேடு பம்ப்ஸ்

ஒரு பம்பில் வைப்ரேஷன் அளவுக்கு மேல் காட்டியது. பேரிங் மாற்றி மறுபடி டெஸ்ட் ஓட்டினோம். நாலுக்கும் சேர்த்துத்தான் டிஸ்பாட்ச் கிளியரன்ஸ் தருவோம் என்று பிடித்துக்கொண்டார்கள். பாஸான மூன்றையாவது அனுப்புகிறோம் என்று மெயில் போட்டேன், பதிலே இல்லை.

ஓய்வுபெற்ற பர்சேஸ்காரர்

அந்த மெயிலைப் பத்திரமாக வையுங்கள். உங்களிடம் இருக்கும் காகிதங்களிலேயே உருப்படியானது அதுதான். என் சர்வீஸில் இப்படி ஒரு மெயிலோடு வந்த சப்ளையருக்கு நானே குறைத்து நோட் போட்டிருக்கிறேன். மேலே இருந்தவர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். எல்டியை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஆடிட் கேள்வி கேட்கும், பிடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் பயம் அது. நியாயம் அவருக்குத் தெரியாமல் இல்லை, கையெழுத்துப் போட ஒரு காகிதம் வேண்டும்.

பனியன் ராஜா

திருப்பூரில் எங்களுக்கு எல்டி என்று பெயர் கிடையாது. ஷிப்மெண்ட் லேட்டானால் "ஐந்து சதவீதம் டிஸ்கவுண்ட் கொடு, இல்லையென்றால் ஏர்-ல் அனுப்பு" என்பார்கள். ஏர் செலவு துணியின் விலையையே தின்றுவிடும். போன சீசனில் பையர் போன் பண்ணும்போது பின்னால் நாய் குரைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே சிரித்துக்கொண்டே ஐந்தை ஏழு ஆக்கிவிட்டார். உங்களுக்காவது பேப்பரில் ஒரு உச்சவரம்பு இருக்கிறது.

சிட்கோ குமார்

ராஜா அண்ணா, அது வேற விஷயம். அது நீங்களே ஒத்துக்கொண்ட டிஸ்கவுண்ட்.

பனியன் ராஜா

ஒத்துக்கொண்டேனா? கண்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும்போது கேட்டால் நீயும் ஒத்துக்கொள்வாய் தம்பி.

கேட் பாஸ்

எனக்கு நடந்தது சின்ன விஷயம். லாரி 30-ஆம் தேதி சாயங்காலமே கஸ்டமர் கேட்டில் நின்றது. உள்ளே இடமில்லை, மறுநாள் லீவு. டிரைவர் லாரிக்குக் கீழே அடுப்பு வைத்து ரசம் கொதிக்கவைத்துக்கொண்டு வீடியோ கால் பண்ணினார். இறக்கியது 2-ஆம் தேதி, ஜிஆர்என் 4-ஆம் தேதி, எல்டியும் 4-ஆம் தேதி வரை. லாரி ரசீதின் பின்பக்கம் செக்யூரிட்டி போட்ட என்ட்ரி சீல் காப்பாற்றியது. இப்போது சீல் வாங்காமல் நகரக் கூடாது என்று டிரைவர்களிடம் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

உத்யம் உஷா

எல்லோரும் ஏன் கெஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள்? பீளமேடு சார் மைக்ரோ அல்லது ஸ்மால் ரகமாக இருந்து உத்யம் பதிவும் இருந்தால், எம்எஸ்எம்இடி சட்டப்படி 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. தாண்டினால் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. இதற்கான அரசு போர்ட்டலில் மனுப் போட்டால் பெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகும். முதலில் சமரசம், அது ஆகாவிட்டால் ஆர்பிட்ரேஷன். தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக நினைத்தால் கஸ்டமர் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும். இது தெரிந்தவுடனே பல பேர் பேச வந்துவிடுவார்கள். மனுவோடு பிஓ, இன்வாய்ஸ், டெலிவரிச் சான்று மூன்றையும் வையுங்கள். சரக்கு சேர்ந்து 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், அதையும் மனுவில் எழுதுங்கள். நான் ஒரு முறை போட்டேன், பணம் வந்தது. அந்த கஸ்டமர் மட்டும் அதன் பிறகு என்கொயரி அனுப்புவதில்லை.

பீளமேடு பம்ப்ஸ்

உஷா மேடம், அந்தக் கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். அவர்களிடம் இன்னும் இரண்டு என்கொயரி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற பர்சேஸ்காரர்

சரக்கை ஏற்றுக்கொண்டதாக ஆவது வேறு, எல்டி உரிமை போவது வேறு, உஷா. இரண்டையும் ஒன்றாக்கினால் மனுவில் அடிபடும். தாமதமாக வந்த சரக்கை ஏற்கும்போது "நஷ்டஈடு கேட்போம்" என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டும் என்பது காண்ட்ராக்ட் சட்டம் 55-ல் வருகிறது. அதற்கும் மேலே, நாள் நீட்டிப்புக் கடிதத்தில் "எல்டியுடன்" என்ற சொல் இருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். பீளமேடு, உங்களுக்கு நீட்டிப்பு ஏதாவது வந்ததா?

பீளமேடு பம்ப்ஸ்

எதுவும் வரவில்லை. பேசாமல் வாங்கிக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற பர்சேஸ்காரர்

அது உங்களுக்கு ஒரு வாதம். வெல்லும் என்று சொல்ல மாட்டேன். "எப்போது ஏற்றாலும் எல்டி உரிமை போகாது" என்று பிஓ-வின் பொது நிபந்தனைகளில் ஒரு வரி ஒளிந்திருக்கும். பெரும்பாலும் பொடி எழுத்தில்.

லெட்ஜர் லதா

ஜிஎஸ்டியை யாரும் தொடவே இல்லையே. அந்த 12,960-ஐ இன்றைக்கே கேளுங்கள். 2022 ஆகஸ்ட் 3-ல் வந்த 178-ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை, தாமதத்துக்குப் பிடிக்கும் எல்டி ஒரு சேவைக்கான விலை அல்ல, அதற்கு வரி இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நிறைய கம்பெனி சிஸ்டத்தில் பழைய செட்டிங் இன்னும் அப்படியே ஓடுகிறது. எங்கள் கஸ்டமர் ஒருவர் சுற்றறிக்கை நகலைப் பார்த்த வாரமே திருப்பிப் போட்டார். இதற்காக உங்கள் இன்வாய்ஸ் மதிப்பைக் குறைத்து ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போட்டுவிடாதீர்கள். எங்கள் ஆடிட்டர் எல்டியைச் செலவாகத்தான் எழுதச் சொல்கிறார்.

பீளமேடு பம்ப்ஸ்

அப்டேட். ஜிஎஸ்டி முழுதும் திரும்பி வந்துவிட்டது, நன்றி லதா மேடம். 72,000-ஐயும் 12,000 ஆக்கிவிட்டார்கள். பிஓ போட்ட மேனேஜர் ஷரத்தைப் படித்துவிட்டு ஒரே வரியில் ஓகே போட்டார். அந்த ஒன்பது நாள்தான் நிற்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் கால் மெயிலில் கொடுத்தால் செல்லாது, வெண்டார் போர்ட்டலில்தான் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் அந்த மெயிலைப் பார்த்துத்தானே இன்ஸ்பெக்டர் வந்தார் என்று கேட்டிருக்கிறேன்.

சிட்கோ குமார்

அந்த 6,000-ஐயும் விடாதீங்க அண்ணா.

புது வால்வ்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாளைக்கு ஒரு பிஓ அக்செப்ட் பண்ண வேண்டும். எல்டி "மொத்த ஆர்டர் மதிப்பில்" என்று இருக்கிறது, 40 வால்வ், நாலு லாட். மாற்றச் சொல்லிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?

ஓய்வுபெற்ற பர்சேஸ்காரர்

கேளுங்கள். "தாமதமான லாட்டின் வரி நீங்கிய மதிப்பில், உச்சம் 5 சதவீதம்" என்று மாற்றித் தரச் சொல்லி அக்செப்டன்ஸ் மெயிலிலேயே எழுதுங்கள். மறுத்தால், ஒரு லாட் இல்லாமல் மற்றதை ஓட்ட முடியாது என்பதால்தானா என்று காரணம் கேளுங்கள். அப்படித்தான் என்றால் அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அந்த ரிஸ்க்கை விலையில் ஏற்றுங்கள்.