உதவி: பிரஸ் ப்ரூஃபில கறுப்பு எழுத்து கலங்கித் தெரியுது

கவின்: அவசரம். கோயில் மலர் ஒண்டு கொட்டாஞ்சேனையில அடிக்கக் குடுத்தது, ப்ரூஃப் வந்திருக்கு, எழுத்தெல்லாம் கலங்கின மாதிரி, ஸ்கிறீன்ல வடிவாத்தான் இருந்தது, கறுப்புத்தான் போட்டிருக்கிறன். நாளைக்கு பிளேட் எடுக்கப்போறாங்களாம், என்ன செய்யிறது?

நிலா: எதில லேஅவுட் செய்தது? எத்தினை பொயின்ட்? உள்பக்கங்களும் கலரா?

ரிஸ்வான்: ரெசல்யூஷன் குறைஞ்சிருக்கும், 300 டிபிஐல திரும்ப எடுங்க. என்ட பிரிண்டர்லயும் இப்படித்தான் வந்திச்சு, டோனர் மாத்தினதும் சரியாகிட்டு.

அச்சுக்கூடத்தான்: டோனருக்கும் பிரஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? எந்த சொஃப்ட்வெயார் எண்டு எழுதாம ஆளாளுக்கு ஊகிக்கிறதை எப்ப விடப்போறியள்? கவின், பூதக்கண்ணாடி வச்சு ‘க்’கின்ட புள்ளியைப் பாரும். ஓரத்தில கலர் தெரியுதா?

கவின்: ஓம், ஒரு பக்கம் ரோஸ், மற்றப்பக்கம் நீலம். வேர்ட்ல செய்தது, 10 பொயின்ட், படமெல்லாம் கலர்.

அச்சுக்கூடத்தான்: அதுதான். வேர்ட் தாற கறுப்பு ஆர்ஜிபி, ஸ்கிறீனுக்கான கலர். அதை நாலு மையாப் பிரிக்கேக்க, ஃபோட்டோஷொப்பின்ட வழமையான அமெரிக்க செட்டிங் எண்டா C=75 M=68 Y=67 K=90 எண்டு வரும், கூட்டினா 300 வீதம் மை. நாலு பிளேட்டில ஒண்டு மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தின்ட ஓரம் கரைஞ்சு, ‘ண’வின்ட சுழி அடைபட்டுப் போகும். K எண்ட கறுப்பு மை மட்டும், K=100 எண்டா ஒரே பிளேட், விலகிறதுக்கு இன்னொண்டு இல்லை. Acrobat Pro-வில Output Preview திறந்து Process Black டிக்கை எடுத்துப் பாரும். எழுத்து முழுசா மறையோணும். மங்கலா நிண்டா கலவை.

ரிஸ்வான்: அப்ப முழு பிடிஎஃப்பையும் கிறேஸ்கேல் ஆக்கினா முடிஞ்சுதே?

நிலா: எழுத்து சரியாகும், சாமி படமும் கறுப்பு வெள்ளையாப் போயிடும். Convert Colors-ல Object Type-ஐ Text எண்டு வச்சு, ஆர்ஜிபியை மட்டும் Dot Gain 20% எண்ட சாம்பல் புரொஃபைலுக்கு மாத்துங்கோ. கலர்த் தலைப்பும் சாம்பலாகும், அந்தப் பக்கங்களை விட்டிட்டுச் செய்யுங்கோ. முதல்ல கொப்பி ஒண்டு எடுத்து வையுங்கோ.

செல்வா: K மட்டும் அடிச்சா கறுப்பு வெளிறும். நான் எப்பவும் C=60 M=40 Y=40 K=100 தான்.

அச்சுக்கூடத்தான்: அது அட்டையில பெரிய கறுப்புப் பரப்புக்கு. பத்து பொயின்டுக்கு இல்லை.

செல்வா: அட்டைத் தலைப்புக்கு? நான் அதைத்தானே சொல்றன்.

நிலா: தலைப்பு தடிப்பா இருந்தா தாங்கும். எவ்வளவு தடிப்பு எண்டதை அந்த மெஷின்காரரைத்தான் கேக்கோணும், பழைய மெஷின்ல இன்னும் கவனம்.

செல்வா: மெஷின்காரர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவினம்.

கவின்: மாத்தினன், Black எடுக்க எழுத்து மறையுது. விளம்பரப் பக்கங்கள் மட்டும் மறையேல்ல.

நிலா: அதெல்லாம் ஜேபெக்கா? அப்ப அது எழுத்தில்லை, படம். தந்தவையிட்ட மூல ஃபைல் கேளுங்கோ.

கவின்: ரெண்டு பேர் தாறன் எண்டவை. மற்றது அப்பிடியே போகுது. நன்றி.