கல்லடி வீட்டை வாங்க மூன்று பேர், யாரைப் பிடிப்பது?

கல்லடியில் 12 பேர்ச் காணியோடு வீடு விற்கிறேன். உறுதி, நில அளவைப் படம் எல்லாம் சரி. மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

முதலாமவர் 190 இலட்சம். அதில் 130 வங்கிக் கடன், கடன் கிடைத்தால்தான் வாங்குவாராம், மூன்று மாதம் வேண்டும். கையில் இருப்பது 60தான். வங்கி மதிப்பீட்டாளர் குறைத்துப் போட்டால் கடனும் குறையும், மிச்சத்துக்கு எங்கே போவார்? கடன் அனுமதிக் கடிதம் கேட்டேன், "வரும் அண்ணா" என்கிறார். இரண்டாமவர் கத்தாரில் இருக்கிறார். 176, முழுக்கக் காசு, ஒரு மாதத்தில் உறுதி எழுதலாம் என்கிறார். வங்கிக் கணக்கறிக்கையும் காட்டினார். மூன்றாமவர் 185, ஆனால் களுவாஞ்சிக்குடியில் தன் காணியை விற்ற பிறகுதான். அதை விட்டுவிட்டேன்.

நொத்தாரிசிடமும் கேட்டேன். முற்பணத்துக்கு வெறும் ரசீது போதாது, விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசு முன் எழுதினால்தான் செல்லும் என்றார். எனக்கு இரண்டு மாதத்தில் மகளின் வீட்டுக்குக் காசு கட்ட வேண்டும்.

முதலாமவரிடம் 10 வீத முற்பணமும் "45 நாளில் கடன் வராவிட்டால் உடன்படிக்கை ரத்து" என்ற நிபந்தனையும் கேட்டுப் பார்ப்பதா, 14 இலட்சத்தை விட்டு கத்தார்க்காரருக்கே கொடுப்பதா?