டிரைவர் அண்ணன் எழுதிய பிறந்தநாள் வாழ்த்து: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

பூலாவ் திக்குஸ் மகள்:
போன மாதம் அம்மாவுக்கு 70 வயது. பினாங்கில் எங்கள் வீட்டு வண்டியை ஓட்டும் அண்ணன், நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்களோடு இருப்பவர். அன்று காலை ஒரு கோடு போட்ட தாளில் எழுதிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே போடுகிறேன்:

"அம்மாவுக்கு வணக்கம். இன்று உங்களுக்கு எழுபது. ஐயா இருந்தபோது இந்த நாளில் விடியற்காலையே வண்டியை எடுக்கச் சொல்வார். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்வந்த பிறகுதான் பசியாறல். இன்றும் அதே நேரத்துக்கு வண்டி தயாராக இருக்கிறது. என் மகள் எஸ்பிஎம் பரீட்சை எழுதிய முதல் நாள் என்னை அவளோடு போகச் சொல்லிவிட்டு நீங்கள் டாக்சியில் கிளினிக்குக்குப் போனீர்கள். அவள் இன்று டீச்சர். நாங்கள் மறக்கவில்லை. முருகன் உங்களுக்கு நல்ல ஆயுளையும் நடமாட்டத்தையும் கொடுக்கட்டும். பெரிய தம்பிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு."

பாப்பா நான்தான். வயது 41! அம்மா இரண்டு முறை படித்தார், அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "சரி, கிளம்பலாம்" என்றார். விருந்தில் வந்து குவிந்த வாழ்த்துகளில் எதுவும் இப்படி நிற்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

செந்தூல்காரர்:
நான் டிரைவர் பக்கத்து ஆள். கோலாலம்பூரில் பங்சாரில் ஒரே குடும்பத்துக்கு வண்டி ஓட்டி, இப்போதுதான் ஓய்வு. அந்த அண்ணன் செய்ததை ஒரு டிரைவராகப் பார்க்கிறேன். கவனித்தீர்களா, அம்மா கிளினிக்குக்குப் போனார் என்பதோடு நிறுத்திவிட்டார். எதற்கு, யாருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் தொழிலில் வாழ்த்து எழுத உட்கார்ந்தால் அதுதான் கஷ்டம். நமக்கு நினைவில் நிற்பதெல்லாம் வண்டிக்குள் கேட்டது. ஆஸ்பத்திரி, சொத்து, பிள்ளைகளின் சண்டை. அதில் எதையும் தொடக்கூடாது. எங்களுக்கு அவர்கள் செய்த ஒன்றை மட்டும் எடுத்துச் சொன்னால் யார் படித்தாலும் பிரச்சினை இல்லை.

இன்னொன்று, அவர் எதுவும் கேட்கவில்லை. சம்பளம், லீவு, கடன் பற்றிய பேச்சு அந்தத் தாளுக்குப் பக்கத்தில்கூட வரக்கூடாது. நான் கடன் கேட்க வேண்டியிருந்தால் பிறந்தநாள் கழிந்து ஒரு வாரமாவது தள்ளிப் போடுவேன்.

நேரமும் முக்கியம். இளசுகள் ராத்திரி 12 மணிக்கு வாழ்த்து அனுப்புவார்கள். நாம் அனுப்பக்கூடாது. அந்த நேரத்தில் டிரைவர் பெயர் போனில் தெரிந்தால் வீட்டுக்காரர்களுக்கு முதலில் விபத்துதான் ஞாபகம் வரும். காலையில் நேரில், விருந்தாளிகள் வருவதற்கு முன்னால்.

கிள்ளான் ரோடு மருமகள்:
அண்ணன் சொல்வது உண்மை. எங்கள் அத்தைக்கு, மாமா இறந்த இரண்டாவது வருடம், புதிதாகச் சேர்ந்த டிரைவர் தம்பி குடும்பக் குரூப்பில் ஒரு ரோஜாப்பூ படம் போட்டார். அதில் "தீர்க்க சுமங்கலியாய் வாழ்க" என்று இருந்தது. யாரோ அனுப்பியதைப் படிக்காமலே ஃபார்வர்ட் செய்திருக்கிறார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, குரூப் முழுக்க வாயடைத்துப் போனது. தம்பி நல்ல மனசுக்காரர், இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். ஆனால் ரெடிமேட் படத்தைப் பார்த்தாலே எனக்கு இப்போது பயம். மேலே உள்ள கடிதத்தில் "ஐயா இருந்தபோது" என்று எவ்வளவு இயல்பாக வருகிறது பாருங்கள்.

ஈப்போ ரோடு ரசிகர்:
அங்பாவ் எவ்வளவு கொடுத்தீர்கள்? எங்கள் டிரைவருக்கும் அடுத்த வாரம் பிறந்தநாள். 50 வெள்ளி போதுமா?

பூலாவ் திக்குஸ் மகள்:
ஐயா, இது அவர் எங்களுக்கு எழுதியது. கடிதத்துக்காக அம்மா பணம் எதுவும் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். கோயிலிலிருந்து திரும்பி எல்லோரும் ஒன்றாகப் பசியாறினோம், அவ்வளவுதான்.

ஆயர் ஈத்தாம் தம்பி:
என் கதை வேறு. நான் ஓட்டுவது சீனத் தவுக்கே குடும்பத்துக்கு. பெரியவருக்கு 80. தேதி சனிக்கிழமை, நான் ஊரில் இருக்கமாட்டேன். திங்கட்கிழமை வந்து வாழ்த்தலாம் என்றிருந்தேன். வீட்டில் சமைக்கும் ஆன்ட்டிதான் தடுத்தார். அவர்கள் வழக்கத்தில் முன்னாடி சொன்னால் தப்பில்லை, நாள் கழிந்து சொல்வதுதான் சரியில்லையாம். வியாழக்கிழமையே சிவப்பு உறையில் கார்டு வைத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். மலாய் மொழியில்தான் எழுதினேன், "செலாமாட் ஹாரி ஜாடி, தவுக்கே" என்று தொடங்கி. வெள்ளை உறை வேண்டாம், அது சாவு வீட்டுக்கு என்பதும் ஆன்ட்டி சொன்னதுதான்.

பிரிக்பீல்ட்ஸ் ராஜா:
எல்லாம் சரி, பட்டத்தை யாரும் சொல்லவில்லையே. வீட்டில் டத்தோ இருந்தால் அம்மாவை "டத்தின்" என்றுதான் எழுத வேண்டும். அதை விட்டால் மரியாதைக் குறைவு.

செந்தூல்காரர்:
பாதி சரி தம்பி. கணவர் பட்டம் வாங்கியிருந்தால் மனைவி டத்தின். அந்த அம்மாவே பட்டம் வாங்கியிருந்தால் அவர் டத்தோ, டத்தின் இல்லை. அவர் கணவருக்கு அதனால் பட்டம் எதுவும் வராது. என் முதலாளியம்மா அப்படிப்பட்டவர். அவர் பிறந்தநாளுக்கு வரும் பூங்கொத்துகளில் பாதியில் டத்தின் என்றுதான் இருக்கும். நான் உறையின் மேல் "டத்தோ" என்று எழுதி, உள்ளே "அம்மா" என்று தொடங்குவேன். உறையை ஆபீஸ்காரர்களும் பார்ப்பார்கள், உள்ளே இருப்பது எங்களுக்குள்.

பட்டர்வொர்த் பாட்டி:
தேதியைப் பார்த்துச் சொல்கிறீர்களே, நட்சத்திரம் எங்கே போனது? தமிழ் மாதமும் ஜென்ம நட்சத்திரமும் சேரும் நாள்தானே நம் பிறந்தநாள். அது வருடா வருடம் வேறு தேதியில் வரும். எங்கள் டிரைவருக்கு வீட்டில் எல்லோருடைய பெயர், நட்சத்திரம், ராசியும் மனப்பாடம். அந்த நாளில் குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் தன் காசில் அர்ச்சனை செய்து விபூதி, குங்குமம் கொண்டுவருவார். வாயால் வாழ்த்துச் சொன்னதே கிடையாது.

கிள்ளான் ரோடு மருமகள்:
பாட்டி, என் பிள்ளைகளுக்கு அவர்கள் நட்சத்திரமே தெரியாது. தேதியன்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் டிரைவர் அங்கிள் மறந்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

பட்டர்வொர்த் பாட்டி:
அது வளர்ப்பு.

ஆயர் ஈத்தாம் தம்பி:
செந்தூல் அண்ணே, ஒரு சந்தேகம். என் மாமாவும் டிரைவர்தான், பினாங்கில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு. அவர் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட பிள்ளைக்கு இப்போது 40, கம்பெனியை நடத்துகிறார். "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் மாமா. இவருக்கு 66!

செந்தூல்காரர்:
வேண்டாம், அந்தத் தம்பி சங்கடப்படுவார். வயதில் பெரியவர் தாராளமாக வாழ்த்தலாம். ஆபீஸில் எல்லோர் முன்னாலும் கொடுப்பதானால் "சார்" போட்டு இரண்டு வரி போதும். வீட்டில் கொடுப்பதானால் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "தம்பி, பிறந்தநாள் வாழ்த்துகள். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது தினமும் 'வரேன் அங்கிள்' என்று சொல்லிவிட்டுத்தான் போவீங்க. இன்றும் வண்டியை விட்டு இறங்கும்போது சொல்றீங்க. நல்லா இருக்கணும்." ஆனால் அவர் உண்மையிலேயே அப்படிச் சொல்பவரா என்று மாமாவிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் உண்மையான வேறு ஒன்றைப் போடுங்கள்.

ஆயர் ஈத்தாம் தம்பி:
கேட்டேன். சொல்லமாட்டாராம், சீட்டில் ரொட்டித் துண்டை விட்டுவிட்டுத்தான் இறங்குவாராம். அதையே எழுதலாமா?

செந்தூல்காரர்:
வீட்டில் என்றால் எழுதலாம். ஆபீஸில் வேண்டாம்.