கலைச்சொல் தேவை: ஆறா, ஏழா, பத்தா?

டர்பனிலிருந்து சரவணன் எழுதியது:

அன்பர்களே, கோயில் மாலை வகுப்புக்காகச் சோதிடக் கையேடு ஒன்றைத் தமிழில் தொகுக்கிறோம். ஓர் அத்தியாயத்துக்குப் பெயர் கிடைக்கவில்லை. சம்பளத்துக்குப் போவதா, சொந்தமாகக் கடை போடுவதா என்று ஆறு, ஏழு, பத்தாம் இடங்களையும் அதிபதிகளையும் ஒப்பிட்டுச் சொல்கிறோமே, அந்தக் கணிப்புக்கு ஒரே சொல் வேண்டும். ‘தொழில் நிர்ணயம்’ என்று வைத்தால், மருத்துவரா தச்சரா என்று பார்க்கும் வேறு அத்தியாயத்தோடு குழம்பிவிடும். இங்கே கேள்வி என்ன தொழில் என்பதல்ல, பணம் எந்த வாசலால் வருகிறது என்பது. ‘ஈட்டுமுறை’ என்று வைக்கலாமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ராமையா எழுதியது:

தம்பி, ‘ஈட்டுமுறை’ என்றதும் எனக்கு ஈட்டுக் கடன்தான் கண்ணில் படுகிறது. ஆறாம் இடம் கடன் ஸ்தானம் வேறு. படிக்கிற பிள்ளை வீட்டை அடகு வைக்கிற அத்தியாயம் என்று நினைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. பழைய ஏடுகளில் ஆறாம் இடத்து வேலையை ‘அடிமைத் தொழில்’ என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். 1860இல் கப்பலில் வந்து கரும்புக்காட்டில் கிரிமிட்டுக்கு உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கப்போகும் புத்தகம் இது. ‘ஊழியம்’ என்றாலே போதும்.

பெயர் வைக்கும் முன் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைப் பாருங்கள். பத்திலிருந்து எண்ணினால் ஆறு ஒன்பதாம் இடம், ஏழு பத்தாம் இடம். ஆக ஊழியம் கர்மத்தின் பாக்கியம், வணிகம் கர்மத்தின் கர்மம். இரண்டுமே பத்தின் பிள்ளைகள். ஆனால் ஆறு ஏழுக்குப் பன்னிரண்டு, அதாவது ஏழின் விரயம். ஆறு ஓங்கினால் வணிகம் கரையும். அதனால்தான் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒன்றின் எதிரே ஒன்றை நிறுத்துகிறோம். பத்தாம் அதிபதி யார் பக்கம் போய் நிற்கிறான் என்பதுதான் தீர்ப்பு. ‘ஜீவனச் சாய்வு’ என்று வையுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து குமார் எழுதியது:

ஏன் இவ்வளவு சுற்று? அஷ்டவர்க்கத்தில் ஆறில் எத்தனை பரல், ஏழில் எத்தனை பரல் என்று பாருங்கள். மொத்தம் 337, வீட்டுக்குச் சராசரி 28. எது கூடுதலோ அதுதான் வழி. ‘பரல் ஒப்பீடு’ என்று பெயர் வைத்தால் முடிந்தது.

ராமையா:

குமார், பரல் சொல்வது வீட்டின் தாங்குதிறனை. அதிபதி எங்கே போய் உட்கார்ந்தான் என்பதை அது சொல்லாது. ஏழில் 32 பரல் இருந்து, ஏழாம் அதிபதி ஆறில் மறைந்து அஸ்தமனமும் ஆகியிருந்தால் கடை திறப்பான், கூட்டம் வரும், கடைசியில் கூட்டாளியோடு வழக்கு நடத்துவான். பரலை இரண்டாவதாகப் பாருங்கள், தப்பில்லை.

சாட்ஸ்வர்த்திலிருந்து பாக்கியம் எழுதியது:

வணக்கம். ஏழாம் இடம் களத்திரம்தானே? என் மகனுக்கு இன்னும் பெண் அமையவில்லை, அதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று ஆவலாகப் படித்தேன். பிறகுதான் கடை விஷயம் என்று புரிந்தது. அதுவும் அவனுக்கு வேண்டியதுதான். நகராட்சி அலுவலகத்தில் வேலை, விட்டுவிட்டுச் சமையல் காண்டிராக்ட் எடுக்கிறேன் என்கிறான். 1987 மார்கழி முதல் வாரம், டர்பனில் இரவு 8.10க்குப் பிறந்தான். ஊரிலிருந்து எழுதி வந்த ஜாதகத்தில் கடக லக்னம், 16 பாகை. தனுசில் சூரியன், புதன், சனி. துலாத்தில் செவ்வாய், மீனத்தில் குரு. வேலையை விடவே கூடாது என்று எழுதியிருக்கிறது.

ராமையா:

பாக்கியம் அம்மா, அந்தக் கட்டத்தை வைத்துப் பார்த்தால் எழுதியவர் சொன்னது நியாயம்தான். கடகத்துக்கு ஏழாம் அதிபதி சனி. அவர் ஆறாம் இடமான தனுசில் சூரியனை ஒட்டி அஸ்தமனமாக இருக்கிறார். பத்தாம் அதிபதி செவ்வாய் துலாத்தில் நின்று ஏழாம் பார்வையாகத் தன் வீடான மேஷத்தைப் பார்க்கிறார். உத்தியோகம் நிற்கும், வணிகம் நிற்காது.

ஆனால் லக்னமே இடிக்கிறது. மார்கழியில் டர்பனில் சூரியன் மறைய ஏழு மணி ஆகிவிடும். மறையும் நேரத்தில் லக்னம் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும். சூரியன் தனுசில் 4 பாகை என்றால் அப்போது மிதுனம் 4 பாகை. அதிலிருந்து ஒன்றேகால் மணிக்குள் லக்னம் கடகம் 16க்குப் போக 42 பாகை நகர வேண்டும். ஒரு ராசி எழவே ஏறக்குறைய இரண்டு மணி ஆகுமே! டர்பன் 30 பாகை தெற்கு. கணினியில் அதை வடக்கு என்று கொடுத்திருப்பார்கள், நான் இதை அடிக்கடி பார்க்கிறேன். தெற்கு என்று மாற்றிப் போட்டேன், மிதுனம் 23 வருகிறது.

இப்போது கிரகங்கள் அதே இடத்தில், வீடுகள் மட்டும் மாறின. தனுசு ஆறிலிருந்து ஏழானது. ஏழுக்கும் பத்துக்கும் குருவே அதிபதி, அவர் பத்தில் ஆட்சி. ஆறாம் அதிபதி செவ்வாய் ஐந்தில். அவர் ஏழையும் பார்க்கவில்லை, பத்தையும் பார்க்கவில்லை. பத்தாம் அதிபதி ஏழின் பக்கம் நிற்பது மட்டுமல்ல, ஏழே அவர்தான். மகன் கேட்பது ஜாதகத்தில் இருக்கிறது.

ஆனாலும் ஏழில் சூரியனோடு நெருங்கிய லக்னாதிபதி புதனும் பாக்கியாதிபதி சனியும் ஒளி இழந்து நிற்கிறார்கள். கூட்டாளி வேண்டாம், தனியாகச் செய்யட்டும். எப்போது விடுவது என்பது தசையைப் பார்த்துத்தான்.

பாக்கியம்:

கூட்டாளி என்று ஒருத்தனைப் பிடித்து வைத்திருக்கிறானே ஐயா! கல்யாணம் எப்போது என்றும் சொல்லிவிடுங்கள், ஏழில் மூன்று கிரகம் என்கிறீர்கள்.

லெனேசியாவிலிருந்து மீனாட்சி எழுதியது:

‘ஜீவனச் சாய்வு’ எனக்கு ஒப்பவில்லை. “அவன் தொழில் சாய்ந்துவிட்டது” என்றால் எங்கள் வீட்டில் திவால் என்று அர்த்தம். ஒரு வியாபாரியிடம் “உங்களுக்கு ஜீவனச் சாய்வு வணிகம்” என்று சொல்லிப் பாருங்கள், எழுந்து போய்விடுவார். ‘ஜீவன நாட்டம்’ என்றால் என்ன?

ராமையா:

நாட்டம் மனசு சம்பந்தப்பட்டது அம்மா, சந்திரனைப் பார்த்துச் சொல்வது. கடை போட ஆசை உள்ளவனுக்கெல்லாம் ஏழு வலுத்திருப்பதில்லை. சாய்வு கெட்ட சொல் என்றால் ‘ஜீவன வழி’ என்று எளிமையாக வையுங்கள். ‘ஊழிய வழி’, ‘வணிக வழி’ என்று முடிவைச் சொல்லவும் வசதி.

சரவணன்:

‘ஜீவன வழி’ என்றே தலைப்பில் போடுகிறேன். மிதுனத்துக்கும் தனுசுக்கும் ஏழு, பத்து அதிபதி ஒருவரே என்பதைத் தனிப் பத்தியாக எழுதுகிறேன். ஆனால் சிம்ம லக்னம் இடறுகிறது. மகரமும் கும்பமும் சனிக்கே என்பதால் ஆறும் ஏழும் ஒருவர் கையில். எதிரே நிறுத்த ஆளே இல்லையே?

ராமையா:

சனி எந்த வீட்டைப் பார்க்கிறான் என்று பாருங்கள். ரிஷபத்தில் இருந்தால் பத்தாம் பார்வை கும்பத்தில் விழும், வணிகம். மேஷத்தில் இருந்தால் அதே பார்வை மகரத்தில், ஊழியம். இரண்டையும் பார்க்காத இடத்தில் நின்றால் ஆறிலும் ஏழிலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அங்கேயும் யாருமில்லை என்றால் என்னிடம் உறுதியான விதி கிடையாது.

குமார்:

அங்கேதான் பரலைப் பார்க்க வேண்டும் என்கிறேன். சிம்மப் பத்தியில் அதைச் சேருங்கள் சரவணன் அண்ணா. தலைப்பிலும் எனக்கு ‘பரல் ஒப்பீடு’தான்.