புதுப்பிப்பு: கல்முனைக் கடை வாடகைக் கூற்றில் வந்த 6,000 ரூபா நிலுவை

அப்போது கேட்டது: "மாதம் 25,000 ரூபா தவறாமல் கட்டுறன். ஆகஸ்ட் கூற்றில் 6,000 நிலுவை எண்டு நிக்குது. எங்க பிழை?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விடை கிடைத்தது.

கட்டின மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கச் சொன்ன தம்பி பாதி சரி. மொத்தம் பொருந்தியது, பிழை மட்டும் தெரியவில்லை. மட்டக்களப்பு அக்கா சொன்னதுதான் பிடித்துக் கொடுத்தது: ஒவ்வொரு கொடுப்பனவும் முதலில் எதற்குக் கழிக்கப்பட்டது என்று வரிவரியாகப் பார்.

5ஆம் திகதி தாண்டினால் 1,000 ரூபா தண்டம். மார்ச்சில் ஒரு தண்டம் விழுந்திருக்கு. ஏப்ரல் 3 கட்டின 25,000இல் முதல் 1,000 அந்தத் தண்டத்துக்குப் போக, வாடகைக்கு மிஞ்சினது 24,000. வாடகை குறைவு என்று திரும்பத் தண்டம். இப்படியே ஆகஸ்ட் வரை ஆறு தண்டம். நிலுவை மாதாமாதம் ஒரே அளவில் ஏறினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கழிக்கும் ஒழுங்கு எதுவும் இல்லை. என் பாங்க் ஸ்லிப்பிலோ "ஏப்ரல் வாடகை" என்றே எழுதியிருந்தது. அதைக் காட்டினதும் கடையை வாடகைக்கு விட்டவர்கள் 5,000ஐ நீக்கிவிட்டார்கள்.

எதிர்பாராதது: மார்ச் ஸ்லிப்பில் திகதி 4, அவர்கள் புத்தகத்தில் 7. பார்த்த நாளைப் பதிந்திருக்கிறார்கள். அந்த முதல் 1,000 இன்னும் இழுபறி.

முற்பணம் திரும்பக் கிடைக்காத அக்கரைப்பற்று அண்ணா, உங்கட பிரச்சினை வேறு, தனியாகக் கேளுங்கோ.